துபாயில் ஏறி அமெரிக்கா போகிறவள் ஏன் ரஷ்யா மேலே பறக்கிறாள்? நூலும் உலக உருண்டையும் வைத்து ஒரு வழிகாட்டி

அத்தை மகள் மதுரையிலிருந்து துபாய் போய், அங்கே விமானம் மாறி சான் பிரான்சிஸ்கோ போனாள். அத்தை இரண்டு விமானத்தையும் கைபேசி வரைபடத்தில் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் விமானம் அரபிக் கடல் மேல் வடமேற்காக நேராகப் போய்ச் சேர்ந்தது. அதில் வம்பில்லை. இரண்டாவது விமானம் துபாயில் கிளம்பி நேர் வடக்கே ஈரானுக்குள் போகவும் அத்தை போன் பண்ணிவிட்டார். "அமெரிக்கா மேற்கேல்ல இருக்கு? இவன் ஏன்டா ரஷ்யாவுக்குப் போறான்?"

கேள்வி நியாயமானது. வரைபடத்தில் துபாய்க்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது எகிப்து, லிபியா, மொராக்கோ, அட்லாண்டிக் கடல், அமெரிக்காவின் கரோலினா என்று மேற்காகத்தான் போகும். அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் ஏறக்குறைய 16,860 கிலோமீட்டர். வடதுருவத்தை ஒட்டிப் போனால் 13,020. மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அது நாலு மணி நேரத்துக்கும் அதிகம்.

அத்தைக்கு இதைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் செய்து காட்டினேன். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். தேவையான பொருட்கள்: ஓர் உலக உருண்டை, கொஞ்சம் நூல், ஒரு ஸ்கேல், செல்லோ டேப், முடிந்தால் சுவரில் மாட்டும் உலக வரைபடம் ஒன்று. நூலுக்கு நான் அலையவில்லை. அத்தை மல்லிகை கட்டுகிறவர், வீட்டில் நூல்கண்டு எப்போதும் கிடக்கும்.

உருண்டையைத் தயார் செய்வது

எங்களிடம் இருந்தது 12 இன்ச் விட்டமுள்ள உருண்டை. முதலில் நிலநடுக்கோட்டை ஒட்டி நூலை ஒரு முழுச் சுற்று சுற்றி, அந்த நூலின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். எங்களுக்கு 96 சென்டிமீட்டர் வந்தது. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். அதை 96ஆல் வகுத்தால் 417. அதாவது இந்த உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது 417 கிலோமீட்டர். உங்கள் உருண்டை சின்னதாக இருந்தால் இந்த எண் கூடும். அதனால் என் எண்ணை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் உருண்டையை அளந்து உங்கள் எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

நான் இடறிய இடம் ஒன்று உண்டு. உருண்டையைத் தாங்கும் வளைந்த கம்பி வடதுருவத்தில்தான் திருகப்பட்டிருக்கும். நமக்கு வேண்டிய பாதை அந்தத் திருகுக்கு மிக அருகில் போகிறது. நூல் திருகில் மாட்டிக்கொண்டு, பாதை துருவத்தைச் சுற்றி ஒடிந்து நிற்கும். "பார்த்தியா, வளைஞ்சுதானே போகுது" என்றார் அத்தை. கம்பியைக் கழற்றி, உருண்டையை ஒரு சொம்பின் வாயில் உட்காரவைத்த பிறகுதான் சரியாக வந்தது.

நூலை இழுத்துப் பார்ப்பது

துபாயில் நூலின் ஒரு முனையை டேப் போட்டு ஒட்டுங்கள். நூலை வரைபடத்தின் நேர்கோடு போகிற வழியிலேயே படுக்கவையுங்கள். இடையில் நாலு புள்ளி தெரிந்தால் போதும்: எகிப்தில் 31 டிகிரி கிழக்கு, 27 டிகிரி வடக்கு, மொராக்கோவில் 8 மேற்கு, 30 வடக்கு, நடுக்கடலில் 40 மேற்கு, 32 வடக்கு, கரோலினாவில் 77 மேற்கு, 34½ வடக்கு. ஒவ்வொன்றிலும் சின்ன டேப் ஒட்டி, கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் நூலின் மேல் பேனாவால் ஓர் அடையாளம் வையுங்கள். எங்கள் உருண்டையில் அந்த நீளம் 40½ சென்டிமீட்டர். 417ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 16,900 கிலோமீட்டர்.

இப்போது நடுவில் உள்ள டேப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சான் பிரான்சிஸ்கோ பக்கத்து முனையை விரலுக்கடியில் வழுக்கவிட்டு மெதுவாக இழுங்கள். நூல் இருந்த இடத்தில் நிற்காது. அட்லாண்டிக்கிலிருந்து தானாகவே வடக்கே ஏறி, ஐரோப்பாவைத் தாண்டி, துருவத்துக்குப் பக்கத்தில் போய் விறைப்பாக நிற்கும். இனி எவ்வளவு இழுத்தாலும் நகராது. முதலில் வைத்த பேனா அடையாளம் சான் பிரான்சிஸ்கோவைத் தாண்டி ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் வெளியே வந்திருக்கும். இப்போது இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் நூல் 31 சென்டிமீட்டர், 12,900 கிலோமீட்டர்.

அத்தை இதைத்தான் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். மற்றதை எல்லாம் நான் பேசாமல் இருந்திருந்தாலும் அவருக்குப் பாதி புரிந்திருக்கும். விறைத்த நூலில் தொய்வு இல்லை, ஆகவே அதைவிடக் குறுகிய வழியும் இல்லை.

அந்த நூலை அப்படியே உருண்டையைச் சுற்றி நீட்டிக்கொண்டு போனால், முழுச் சுற்று சுற்றித் துபாய்க்கே திரும்பி வரும். அந்த வட்டத்தின் வழியாக உருண்டையைக் கத்தியால் வெட்டினால் சரிபாதியாகப் பிளக்கும். வெட்டு பூமியின் மையத்தைத் தொட்டுப் போகும். இதற்குப் பெருவட்டம் என்று பெயர். தீர்க்கரேகைகள் எல்லாம் பெருவட்டத்தின் பாதிகள். அட்சரேகைகளில் நிலநடுக்கோடு மட்டும்தான் பெருவட்டம். மற்றவற்றின் வழியே வெட்டினால் ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சிறிசு. உருண்டையின் மேல் எந்த இரண்டு இடத்தை எடுத்தாலும், அவற்றுக்கு நடுவே குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் துண்டுதான். விமானக்காரர்கள் முதலில் போட்டுப் பார்க்கும் கோடும் அதுவே.

அப்படியானால் வளைவு எங்கிருந்து வந்தது?

வளைவை உண்டாக்குவது வரைபடம். இதற்கு ஒரு பரங்கிக்காயை எடுத்துக்கொள்வோம். காம்பிலிருந்து கிளம்பும் வரிகள் நடுவில் அகன்று, அடியில் போய் மறுபடி ஒன்றுசேரும். தீர்க்கரேகைகளும் இப்படித்தான்: நிலநடுக்கோட்டில் அகன்றிருக்கும், துருவத்தில் கூடிவிடும். ஆனால் சுவரில் தொங்கும் வரைபடத்திலும் கைபேசி வரைபடத்திலும் இந்த வரிகள் ஜன்னல் கம்பி மாதிரி கடைசி வரை ஒரே இடைவெளியில் நிற்கும். காம்புக்குப் பக்கத்தில் சுருங்கியிருக்க வேண்டிய தோலை, கம்பியின் இடைவெளிக்கு ஏற்றபடி இழுத்துப் பரப்பிவிட்டார்கள். 60 டிகிரி வடக்கில் பூமியைச் சுற்றிவரும் தூரம் நிலநடுக்கோட்டில் உள்ளதில் பாதிதான். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே அகலம்.

1569இல் இந்த வரைபடத்தைப் போட்ட மெர்கேட்டர் அறியாமல் இப்படிச் செய்யவில்லை. அகலவாக்கில் எவ்வளவு இழுபடுகிறதோ, உயரவாக்கிலும் அவ்வளவே இழுத்தார். அதனால் ஒரு கோணம் பூமியில் எப்படியோ அப்படியே வரைபடத்திலும் இருக்கும். திசைகாட்டியின் முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை வரைபடத்தில் நேர்கோடாக விழும். மாலுமிக்கு வேண்டியது அதுதான். தூரம் கொஞ்சம் கூடினாலும் வழி தவறாமல் போகலாம். துபாயிலிருந்து அந்த நேர்கோட்டைப் பிடித்தால், மேற்குக்கு 5 டிகிரி வடக்கே முகத்தை வைத்து, கடைசி வரை மாற்றாமலே சான் பிரான்சிஸ்கோ போய்விடலாம். சுலபமான வழிதான்; குறுகிய வழி அல்ல.

உங்கள் சுவர் வரைபடம் மெர்கேட்டர் வகைதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து 20 டிகிரி வடக்கு வரை ஸ்கேலால் அளங்கள். பிறகு 60இலிருந்து 80 வரை அளங்கள். பூமியில் இரண்டும் ஒரே தூரம், ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். வரைபடத்தில் இரண்டாவது முதலாவதைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் இருந்தால் அது மெர்கேட்டர். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் அது வேறு வகை. அதிலும் வளைவு வரும், வடிவம் மாறும்.

அத்தை வளைவைப் பார்த்து "சுத்திப் போறான்" என்று நினைத்ததற்குக் காரணமும் இந்த மூன்று மடங்குதான். பாதையின் வடக்குத் துண்டை வரைபடம் ஊதிப் பெருக்கிக் காட்டுகிறது. 2,200 கிலோமீட்டர் போகும் இடத்தில் நம் கண் 7,000 கிலோமீட்டரைப் பார்க்கிறது.

பாதையை வரைபடத்துக்கு மாற்றுவது

உருண்டையில் நூல் விறைப்பாக இருக்கும்போதே அது எந்தெந்த இடத்தைக் கடக்கிறது என்று படித்து, வரைபடத்தில் அதே அட்ச, தீர்க்க எண்களில் புள்ளி வைத்துப் புள்ளிகளைச் சேர்த்தால் வளைவு வந்துவிடும். துபாய் 25 டிகிரி வடக்கு, 55 கிழக்கு. நூல் ஈரானைக் கடந்து, காஸ்பியன் கடலின் கிழக்கு ஓரமாக ஏறி, 50 டிகிரி வடக்கை அடையும்போது 54 கிழக்கில் இருக்கும். 60 வடக்கில் 53 கிழக்கு. 74 வடக்கில் 50 கிழக்கு. ரஷ்யா முடிந்து ஆர்க்டிக் கடல். அதுவரை ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையின் மேல் ஏறிக்கொண்டிருந்த பாதை, அதன் பிறகு வரைபடத்தில் சட்டென்று இடது பக்கம் சாய்ந்து, 88 டிகிரி வடக்கு வரை போய், கனடாவின் தீவுகளுக்கு மேல் இறங்கி, 122 மேற்கை ஒட்டிச் செங்குத்தாகக் கீழே வரும்.

புள்ளி வைத்துப் பார்த்தால் கிடைப்பது மென்மையான வில் வளைவு அல்ல. தலைகீழாகத் திருப்பிப் போட்ட 'ப'. அதுவும் மேல் கோடு வரைபடத்துக்கு வெளியே போய்விடும். மெர்கேட்டரில் துருவத்தைக் காட்டவே முடியாது, அது முடிவில்லாத உயரத்தில் இருக்கும். கைபேசியில் நாம் பார்க்கும் வரைபடங்கள் பெரும்பாலும் 85 டிகிரிக்குச் சற்று மேலே வெட்டிவிடப்பட்டவை. விமானம் வரைபடத்தின் விளிம்பில் காணாமல் போய்க் கொஞ்ச நேரம் கழித்து வேறிடத்தில் முளைப்பது அதனால்தான். அத்தை பயந்து இரண்டாவது தடவை போன் செய்தது அந்த நேரத்தில்.

இன்னொரு குழப்பமும் இங்கேதான் வரும். துபாயில் வடக்கு நோக்கிக் கிளம்பிய விமானம் சான் பிரான்சிஸ்கோவுக்குள் தெற்கு நோக்கி வந்து இறங்குகிறது. நடுவில் எங்கே திரும்பியது? எங்கேயும் திரும்பவில்லை. பரங்கிக்காயின் ஒரு வரியில் ஏறும் எறும்பு, காம்பைத் தொட்டும் தொடாமலும் தாண்டி, எதிர்ப்பக்க வரியில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். எறும்பு நேராகத்தான் நடந்தது. ஆனால் ஏறும்போது காம்பு முன்னால் இருந்தது, இறங்கும்போது பின்னால் போய்விட்டது. வடக்கு, தெற்கு என்பது காம்பைப் பொறுத்த பேச்சு. பெருவட்டப் பாதையில் திசைகாட்டி எண் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதும் இதனால்தான். அந்தக் காலத்து மாலுமிகள் இதை அப்படியே பின்பற்றச் சிரமப்பட்டு, பாதையைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கோணம் வைத்தார்கள். இப்போது அந்த வேலையை விமானத்தின் கணினி பார்த்துக்கொள்கிறது.

முதல் விமானம் ஏன் வளையவில்லை?

மதுரை–துபாய்க்கும் நூல் பிடித்துப் பார்த்தோம். 7 சென்டிமீட்டர், அதாவது 2,900 சொச்சம். வரைபட நேர்கோட்டையும் பெருவட்டத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் 2 கிலோமீட்டர் கூட இல்லை. விமானம் இறங்குவதற்கு முன் ஒரு தடவை வட்டமடித்தாலே அதைவிட அதிகம்.

மதுரை 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே வரைபடம் இழுத்திருப்பது நூற்றுக்கு ஒன்றரைதான். இரண்டு ஊரும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலோ, தூரம் குறைவாக இருந்தாலோ, ஒன்று மற்றொன்றுக்கு நேர் வடக்கே இருந்தாலோ வளைவு தெரியாது. இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ ஒரே பக்கமாகத் தள்ளி இருந்து, கிழக்கு மேற்காக வெகுதூரம் விலகியும் இருந்தால்தான் வளைவு பெரிதாகும். கொழும்பும் சிங்கப்பூரும் போய் வந்தவர்கள் இதைக் கவனித்திருக்க வழியில்லை.

கணக்கில் சரிபார்ப்பது

நூலில் அரை சென்டிமீட்டர் பிசகினால் 200 கிலோமீட்டர் போய்விடும். எக்செல் மாதிரி ஏதாவது ஒன்று இருந்தால் A1, B1 கட்டங்களில் முதல் ஊரின் அட்ச, தீர்க்க எண்களையும், A2, B2 கட்டங்களில் இரண்டாவது ஊரின் எண்களையும் போட்டு, வேறொரு கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=6371*ACOS(SIN(RADIANS(A1))*SIN(RADIANS(A2))
+COS(RADIANS(A1))*COS(RADIANS(A2))*COS(RADIANS(B1-B2)))
```

6371 என்பது பூமியின் சராசரி ஆரம், கிலோமீட்டரில். துபாய்க்கு 25.25, 55.36, சான் பிரான்சிஸ்கோவுக்கு 37.62, -122.38. விடை 13,020 வர வேண்டும்.

மேற்குத் தீர்க்கரேகைக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை மறந்தால் 6,370 போல ஒரு விடை வரும். அது சான் பிரான்சிஸ்கோ அல்ல. அதே எண்ணில் கிழக்கே இருக்கும் சீனக் கடற்கரைப் பகுதி. நான் முதலில் அப்படித்தான் போட்டு, நூல் தப்பா கணக்கு தப்பா என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். நூலும் கணக்கும் நூறு இருநூறு கிலோமீட்டருக்குள் ஒத்துப்போனால் சரி. ஆயிரக்கணக்கில் விலகினால் குறியைப் பாருங்கள், அப்புறம் RADIANS எங்காவது விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். பூமி துருவத்தில் லேசாகத் தட்டையாக இருப்பதால், பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொள்ளும் இந்தக் கணக்கில் நூற்றுக்கு அரைக்குள் ஒரு பிழை இருக்கத்தான் செய்யும்.

உண்மையில் பறப்பது இதே கோட்டிலா?

அநேகமாக இல்லை. நூல் காட்டுவது தொடக்கப் புள்ளி மட்டும். வானத்தில் முதல் பெரிய விஷயம் காற்று. நடு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்றோட்டம் உண்டு. 2016இல் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமாக விடாமல் பசிபிக் பக்கமாக விட ஆரம்பித்தது. பாதை சுமார் 1,400 கிலோமீட்டர் கூடி 15,300 ஆனது. ஆனால் காற்று முதுகில் தள்ளியதால் பயண நேரம் குறைந்தது. விமானத்துக்கு எரிபொருளும் நேரமும்தான் கணக்கு. தரையில் அளந்த தூரம் அதற்கு அடுத்ததுதான்.

இரண்டாவது, யாருடைய வானத்தில் பறக்கலாம் என்பது. 2022இல் ரஷ்யா பல ஐரோப்பிய நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. பின்லாந்தின் ஃபின்ஏர், ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டி வந்ததும் அது 13 மணி நேரம் ஆகிவிட்டது. உருண்டையில் ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் நூல் பிடித்துப் பாருங்கள், பெரும்பகுதி ரஷ்யா மேல்தான் கிடக்கும்.

துருவப் பாதைக்கென்று தனிச் சிக்கல்களும் இருக்கின்றன. காந்தத் திசைகாட்டி அங்கே நம்பும்படி இருக்காது. அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்கள் குறைவு. எரிபொருள் உறையும் நிலைக்குப் பக்கத்தில் போய்விடக் கூடாது. வழக்கமான ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை வரம்பு மைனஸ் 47 டிகிரி. அப்படியும் போகத்தான் செய்கிறார்கள். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் சான் பிரான்சிஸ்கோ–பெங்களூரு நேரடி விமானத்தைப் பெண் விமானிகள் மட்டுமே வடதுருவம் வழியாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

அதைச் சொன்னதும் அத்தைக்கு முகம் மலர்ந்தது. நூலைச் சுற்றி வைத்துக்கொண்டே, "அப்ப இவ திரும்பி வரும்போதும் இந்த வழிதானா?" என்று கேட்டார். நூலுக்குப் போவதும் வருவதும் ஒன்றுதான், காற்றுக்கு அப்படி இல்லை. திரும்பும் அன்றைக்குக் காற்று எங்கே பலமாக இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் பாதை போடுவார்கள், கிரீன்லாந்துப் பக்கமாகக்கூட வரலாம் என்றேன். "அப்ப அன்னைக்கும் பார்ப்போம்" என்று உருண்டையைச் சொம்போடு தூக்கி அலமாரியில் வைத்தார்.